ஒரே காற்று, ஒரு படத்தில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு

மார்கழிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா வேலூர்க் காற்றுத்தர வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, "சார், சிவப்பு காட்டுதே, பசங்களை அனுப்பலாமா?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு அப்பா வேறொரு படத்தைப் போட்டார். "எனக்குப் பச்சைதான் வருது சார், தாராளமா ஓடலாம்." முதல் படத்தில் எண் 153. இரண்டாவதில் 97. இரண்டும் ஒரே ஊர், ஒரே நேரம், இரண்டுமே சரி.

நாம் செய்யும் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. நிறத்தைப் பார்க்கிறோம், அது எந்த நாட்டு அளவுகோல் என்று பார்ப்பதில்லை. முதல் படம் அமெரிக்க அளவுகோல், இரண்டாவது நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அன்று இரண்டு எண்ணையும் தீர்மானித்தது PM2.5 என்ற நுண்துகள்தான், அதாவது நுரையீரலின் அடிவரை போய் உட்காரும் அளவுக்குச் சிறிய தூசு. ஒரு கன மீட்டர் காற்றில் அது 58 மைக்ரோகிராம் இருந்தால் இந்திய அளவுகோலில் 97 வரும், இளம்பச்சை. அதே 58 அமெரிக்க அளவுகோலில் 153, சிவப்பு. இந்தியாவில் 60 மைக்ரோகிராம் வரை இளம்பச்சைக்குள் அடங்கும். அமெரிக்காவில் 55-ஐத் தாண்டியதுமே சிவப்பு தொடங்கிவிடும்.

அளவுகோலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. படத்தின் ஓரத்தில் இருக்கும் நிறப்பட்டையைப் பாருங்கள். அதில் ஊதா இருந்தால் அமெரிக்க அளவுகோல். பச்சை இரண்டு வகையாக, அடர்த்தியும் இளசுமாக இருந்தால் இந்திய அளவுகோல். `Satisfactory` என்ற சொல் இருந்தாலும் இந்தியாவுடையதுதான். பட்டையை வெட்டிவிட்டு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். முழுப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, இந்திய நிறங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்கின்றன? படத்தில் தெரியும் எண் 50 வரை இருந்தால் அடர்பச்சை, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 51 முதல் 100 வரை இளம்பச்சை. பெரும்பாலான பிள்ளைகள் ஓடலாம், ஆஸ்துமா உள்ளவர்கள் மேல் ஒரு கண் வேண்டும். அடுத்தது 101 முதல் 200 வரை மஞ்சள். பெரும்பாலோர் தவறு செய்வது இந்த மஞ்சளில்தான். `Moderate` என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் 'மிதம்தானே' என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் வாரியத்தின் விளக்கத்தைப் படித்தால், ஆஸ்துமாக்காரர்கள், இதய நோயாளிகள், முதியவர்கள் ஆகியோரோடு குழந்தைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது இந்தப் பட்டையில்தான். பெரியவருக்கு மிதமாக இருப்பது பிள்ளைக்கு மிதமில்லை. உடல் எடைக்கு ஏற்றபடி கணக்கிட்டால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். ஓடும்போது அது பல மடங்காகிறது, அதுவும் வாய் வழியாக. மூக்கு பிடித்து வைக்க வேண்டிய தூசு நேராகத் தொண்டைக்குப் போகிறது.

அதனால் மஞ்சளில் நான் பயிற்சியை நிறுத்துவதில்லை, மாற்றுகிறேன். நீண்ட ஓட்டம் கிடையாது, போட்டி ஓட்டம் கிடையாது. நீட்சிப் பயிற்சி, பந்து வீசிப் பிடிப்பது, நடுநடுவே உட்கார்ந்து இளைப்பாறுவது என்று நேரம் போகும். அமெரிக்க அளவுகோலில் ஆரஞ்சுக்குப் பள்ளிகளுக்குத் தரப்படும் அறிவுரையும் ஏறக்குறைய இதேதான்: குறுகிய விளையாட்டு சரி, நீண்ட பயிற்சியில் வேகத்தைக் குறைத்து இடைவேளையைக் கூட்டு. இந்திய ஆரஞ்சு, அதாவது 201 முதல் 300, வேறு கதை. அதே துகள் அளவு அமெரிக்கப் படத்தில் சிவப்பாகத் தெரியும். ஆரஞ்சு என்ற ஒரே நிறம் இரண்டு படங்களில் இரண்டு பொருள் தருகிறது, கவனம். இந்திய ஆரஞ்சில் மூச்சு வாங்கும் எதையும் வெளியில் செய்ய வைக்க மாட்டேன். அதற்கு மேலே சிவப்பும் அடர்சிவப்பும் வந்தால் மைதானத்தையே மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு தவறு நேரத்தைப் பற்றியது, இது நம் ஊருக்கு ரொம்பவே பொருந்தும். இந்தியக் குறியீட்டில் துகள்களுக்கான எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. அது காலை ஆறு மணிக் காற்று இல்லை. வேலூரைச் சுற்றி மலைகள். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்றும் குளிரும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். காற்றும் அசையாவிட்டால் குப்பை எரித்த புகை, அடுப்புப் புகை, லாரிப் புகை எல்லாம் கீழேயே தங்கும். விடியலில் கோட்டை மைதானம் பக்கம் நின்று மலையைப் பார்த்தால் அடிவாரத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று படுத்திருக்கும், மலையுச்சி மட்டும் தெளிவாகத் தெரியும். பனி என்று நினைக்கிறோம். தொண்டையில் கரிப்பும் மூக்கில் புகை வாடையும் இருந்தால் அது வெறும் பனி இல்லை. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அது கலையும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். PM2.5 பகல் மூன்று மணிக்கு 25 மைக்ரோகிராம், காலை ஆறு மணிக்கு 110, மற்ற நேரங்கள் இடையில் என்று வைத்துக்கொண்டால் நாள் சராசரி 58-ல் வந்து நிற்கலாம். படம் இளம்பச்சை காட்டும். ஆனால் பிள்ளை ஓடுவது 110-ல், அதே அளவு நாள் முழுக்க நீடித்தால் இந்திய அளவுகோலில் ஆரஞ்சு ஆகிவிடும். எனவே செயலியில் நிறத்தோடு நிற்காமல் மணிவாரி வரைபடத்தைத் திறந்து, நேற்றும் முந்தாநாளும் காலை ஆறிலிருந்து எட்டு வரை PM2.5 எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். நாளைக் காலையும் காற்று அசையாது, வானம் தெளிவு என்றால் அதே மாதிரிதான் இருக்கும்.

வரைபடம் முழுக்க நிறம் பூசியிருப்பதை நம்புவதும் பிழைதான். அளக்கும் கருவி சில இடங்களில் மட்டும் இருக்கிறது. நடுவில் உள்ள நிறம் செயற்கைக்கோளும் கணினிக் கணக்கும் சேர்ந்து போட்ட ஊகம். குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ இருப்பவர், தன் ஊர் மேல் தெரியும் நிறம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி அளந்தது என்று அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் டயர் எரிந்தால் எந்த வரைபடமும் அதைக் காட்டாது. போகி விடியலில் நிறம் எதுவாக இருந்தாலும் எனக்குப் பயிற்சி கிடையாது.

துணி மாஸ்க் கட்டி ஓட வைக்கிறார்கள் சிலர். துணி இந்தத் துகளைத் தடுக்காது. பெரியவர்களுக்கான N95 பிள்ளை முகத்தில் ஓரம் விட்டு நிற்கும், அதைக் கட்டிக்கொண்டு ஓடவும் முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை மணிவாரி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, குழுவில் பயிற்சி மாலை நாலரைக்கு என்று போட்டேன். மாசியிலும் சித்திரையிலும் இதே யோசனை செல்லாது. அப்போது மாலை வெயிலும் பிற்பகலில் ஏறும் ஓசோனும் வேறு பிரச்சினை, விடியலே நல்லது. மறுநாள் மாலை பதினான்கு பேர் வந்தார்கள். ஆஸ்துமா உள்ள ஒரு சிறுமி அவர்களில் ஒருத்தி. அவளுக்கு எந்த நிறத்தையும் ஒரு படி மோசமாகவே எடுத்துக்கொள்வேன், இன்ஹேலர் அவள் பையில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இரண்டாவது சுற்றில் அவள் இருமினாள். உட்கார வைத்தேன். மூச்சில் விசில் சத்தம் இல்லை, பேச்சு திணறவில்லை, பத்து நிமிடத்தில் இருமலும் நின்றது. இருந்தாலும் அன்று அவளை மறுபடி ஓட விடவில்லை, நேரம் பார்க்கும் ஸ்டாப்வாட்சை அவள் கையில் கொடுத்தேன்.