தனியாக இருப்பவர்களுக்கு நாமினி மட்டும் போதாது

பிள்ளை இல்லாதவர்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணத்தைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, நம்பகமான ஒருவரை, இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் கூட்டாகச் சேர்த்துவிடுங்கள். நாமினிக்கு நம் இறப்புக்குப் பிறகுதான் பணம் கிடைக்கும். பாலக்கோட்டில் தனியாக இருக்கும் பெரியம்மா பக்கவாதத்தில் பேச்சின்றிப் படுத்தால், நாமினியான தங்கை மகள் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. இப்படிப்பட்ட கூட்டுக் கணக்கென்றால் அவள் கையெழுத்தே போதும். அன்றே தருமபுரி ஆஸ்பத்திரியில் கட்டிவிடலாம்.

ஃபிக்சட் டெபாசிட்டுக்கு இது உதவாது. முதிர்வுக்கு முன் உடைக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். சேமிப்புக் கணக்கில் கூட்டாகச் சேர்ந்தவர் முழுப் பணத்தையும் எடுக்க முடியும் என்பதால், ஆறு மாதச் செலவுக்கு மேல் அதில் வைக்காதீர்கள். சொத்து யாருக்கு என்பதை உயிலில்தான் எழுத வேண்டும்.