தூளில தூங்குறான், பாயில போட்டா எந்திரிக்கிறான்: காது விஷயத்துல நாம பண்ற தப்புங்க

போன வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவ பொண்ணுக்கு 15 மாசம். ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிச்சு கத்துறாளாம், ரெண்டு மாசமா இவளுக்கும் தூக்கமே இல்ல, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. ஏன்னு கேட்டா "கடவாப்பல்லு வருதுங்க அண்ணி, அதான்"னா. நடுவுல காது வலினு டாக்டர்ட்ட காட்டுனீங்களேனு கேட்டேன். "அது ஆடியிலயே சரியா போச்சுங்க அண்ணி." ஆறு வருஷத்துக்கு முன்னாடி என் பையனுக்கு நான் சொன்ன அதே பேச்சு. கேட்டதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, அதான் இதை எழுதுறேன்.

பட்ஸ் விடக்கூடாது, ஊக்கு விடக்கூடாதுங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல.

காய்ச்சல் போச்சுன்னா காதும் சரியாயிடுச்சுனு நினைக்கிறது

என்னால இன்னும் ஆத்த முடியாத தப்பு இதுதான். பையனுக்கு 14 மாசம் இருக்கும்போது ஜூலைல முதல் தடவை வந்துச்சு. சளி, மூணாவது நாள் 102 காய்ச்சல், ராத்திரி முழுக்க அழுகை. டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்துட்டு செவிப்பறை செவந்து வீங்கியிருக்குனு 10 நாளைக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்தார். ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. சீட்டுல கீழ "4 வாரம் கழிச்சு வரவும்"னு எழுதியிருந்தார். பையன் நல்லா ஓடியாடிட்டு இருந்தான், எதுக்குப் போய் ஃபீஸ் கட்டணும்னு நான் போகல.

ஆனா தூக்கம் மட்டும் திரும்பவே இல்ல. தோள்ல போட்டா தூங்குவான், தூளில தூங்குவான், பாயில படுக்க வச்சா அரை மணி நேரத்துல வீல்னு எந்திரிப்பான். அத்தை "தூளிப் பழக்கம், விட்டுப் பிடிச்சா சரியாயிடும்"னாங்க. நானும் நம்பி தூளியை அவுத்துட்டேன். பழக்கத்தை மாத்துறேன்னு ஒரு வாரம் அவனை அழ விட்டேன். பக்கத்துலயே உக்காந்துட்டு தூக்காம இருந்தேன். வலிச்சுதான் அழுதான்னு பின்னாடி தெரிஞ்சப்போ மனசு எப்படி இருந்துச்சுனு எழுத முடியல.

உள்ள நடந்தது இதுதான். காதுக்கு உள்பக்கத்துல இருந்து தொண்டை பின்னாடி வரைக்கும் ஒரு சின்னக் குழாய் போகுது, யூஸ்டேஷியன் குழாய்னு சொல்வாங்க. பெரியவங்களுக்கு அது சரிவா இறங்கும், குழந்தைங்களுக்குக் குட்டையா, கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கும், அதனால சளி பிடிச்சா சீக்கிரம் அடைச்சுக்கும். மருந்துல கிருமி செத்தாலும் செவிப்பறைக்குப் பின்னாடி சேர்ந்த தண்ணி உடனே வடியாது. பத்துக் குழந்தைல நாலு பேருக்கு ஒரு மாசம் கழிச்சும் அது இருக்கும், பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள தானா வடிஞ்சிடும். பகல்ல நிமிர்ந்து இருக்கோம், அடிக்கடி முழுங்குறோம், முழுங்கும்போதெல்லாம் குழாய் திறந்து மூடும். படுத்தா மூக்கு அடைக்கும், தூக்கத்துல முழுங்குறதும் குறைஞ்சிடும், காதுக்குள்ள அழுத்தம் ஏறும். தூளில தலை கொஞ்சம் தூக்கி இருந்துச்சு, அதான் அவன் அங்க தூங்கினான். இதுக்காகத் தலையணை அடுக்காதீங்க, நான் வச்சுப் பார்த்தேன், சறுக்கிக் கீழ வந்துட்டான், மூச்சு அடைக்கிற பயம் வேற.

செப்டம்பர்ல திரும்ப காய்ச்சல், திரும்ப மருந்து. நவம்பர்ல மூணாவது. ஒவ்வொரு தடவையும் பழைய தண்ணி வடியுறதுக்குள்ள புதுசு வந்து சேர்ந்துச்சு, நடுவுல ஒரு தடவை கூட நான் காதைக் காட்டல. ஆறு மாசத்துல மூணு தடவை, இல்ல ஒரு வருஷத்துல நாலு தடவை வந்தாலே அடிக்கடி வர்ற காது இன்ஃபெக்‌ஷன் கணக்குதான்.

அப்புறம்தான் ஈ.என்.டி. கிட்ட போனோம். டிம்பனோமெட்ரினு ஒரு டெஸ்ட், ரப்பர் முனை ஒண்ணைக் காதுல வச்சு காத்தழுத்தத்தை மாத்திப் பார்ப்பாங்க, வலிக்காது, சில செகண்ட் வேலை. செவிப்பறை அசைஞ்சா கிராஃப் மலை மாதிரி வரும். என் பையனுக்கு ரெண்டு காதுலயும் தரை மாதிரி ஒரு கோடு. உடனே ஆபரேஷன் சொல்லல, மூணு மாசம் பார்ப்போம்னார். பிப்ரவரி கடைசில திரும்ப அதே கோடு, கேக்குறதும் குறைஞ்சிருந்துச்சு, பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பாததை நாங்க பிடிவாதம்னு நினைச்சிருந்தோம். மார்ச்ல குரோமெட் வச்சாங்க, செவிப்பறைல மாட்டுற சின்ன டியூப், அதுவா விழுந்துடும். அந்த வாரத்துலயே மூணு ராத்திரி பாயில நேரா படுத்துத் தூங்கினான். பாலுக்கு மட்டும் ஒரு தடவை எந்திரிச்சான், அது நிஜமாவே பழக்கம், பதினஞ்சு நாள்ல விட்டுட்டான்.

எல்லாக் குழந்தைக்கும் குரோமெட் வேணும்னு சொல்லல, பாதிப் பேருக்கு மேல சும்மா காத்திருந்தாலே போதும். ஆனா காத்திருக்கிறது வேற, பார்க்காமலே விடுறது வேற. சீட்டுல எழுதின தேதிக்குப் போங்க. போனா "காய்ச்சல் இல்ல சார், ஆனா படுத்தா அழுறான், உள்ள தண்ணி நிக்குதானு பாருங்க"னு வாய் விட்டுக் கேளுங்க. அழுக்கு அடைச்சு செவிப்பறை தெரியலனா அதை எடுத்துட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

திடீர்னு ஒரு ராத்திரி நல்லா தூங்கினா நிம்மதியாயிடுறது

நவம்பர்ல இது நடந்துச்சு. ரெண்டு நாள் கதறினவன் மூணாவது ராத்திரி அசையாம தூங்கினான். காலைல பார்த்தா தலையணை உறைல மஞ்சக் கறை. செவிப்பறைல ஓட்டை விழுந்து சீழ் வெளிய வந்திருக்கு, அழுத்தம் இறங்கினதும் வலி போயிடுச்சு. பெரும்பாலும் அந்த ஓட்டை தானா மூடிடும், ஆனா அன்னைக்கே காட்டணும்.

காதை இழுக்கலையேனு விடுறது

என் பையன் ஒரு நாள் கூட இழுக்கல. பல்லு வரும்போது காதைப் பிடிச்சு இழுக்கிற பிள்ளைங்களும் உண்டு, அதனால அதை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. படுத்தா அழுகை, தூக்கினா அமைதி, டிவி பக்கத்துல போய் நிக்கிறது, பேச்சு புதுசா வராம நிக்கிறது, இதுங்க சேர்ந்து வந்தா காதைப் பாருங்க.

காதுல எண்ணெய், தாய்ப்பால்

ஊத்தாதீங்க. ஓட்டை இருந்தா நேரா உள்ள போகும்.

சளி சிரப்

தூக்கக் கலக்கம் வரும், காதுத் தண்ணி வடியாது.

படுக்க வச்சு பாட்டில்

மடில நிமிர்த்தி வச்சுக் குடுங்க.

வலி மருந்தை பாட்டில் பார்க்காம ஊத்துறது

பாராசிட்டமால் சிரப் 5 எம்எல்-ல 125 மி.கி. இருக்கிறதும் கிடைக்குது, 250 இருக்கிறதும் கிடைக்குது. கிலோவுக்கு 15 மி.கி. கணக்குல 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. முதல் பாட்டில்ல அது 6 எம்எல், ரெண்டாவதுல 3 எம்எல். கடைல மாத்திக் குடுத்தா நமக்குத் தெரியாது, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல சுத்தமா தெரியாது, அதனால டாக்டர் சொன்ன அளவை பாட்டில் மேலயே பேனால எழுதி வைங்க.

காதுக்குப் பின்னாடி வீக்கம்

காது முன்னாடி தள்ளிட்டு நின்னா விடியுற வரைக்கும் கூட காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நாத்தனாரை மறுநாளே கூட்டிட்டுப் போனேன். குழந்தைக்கு வலது காது செவிப்பறை மங்கலா இருக்கு, உள்ள தண்ணி நிக்குதுனு டாக்டர் சொன்னார், மருந்து எதுவும் எழுதல, 6 வாரம் கழிச்சு வரச் சொன்னார். அந்தத் தேதியை அவ வீட்டு காலண்டர்ல நானே வட்டம் போட்டுட்டு வந்தேன்.