பேச்சாளரின் ஸ்லைடை வைத்து அறிமுகம் எழுதும்போது

கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவுதான் பேச்சாளரின் பி.பி.டி. வந்துசேரும். முதல் ஸ்லைடில் தலைப்பும் பெயரும் இருக்கும். இரண்டாவதில் ‘என்னைப் பற்றி’ என்று ஏழெட்டு வரிகள். அவற்றை அப்படியே வாசித்துவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. நீங்கள் இறங்கிய இரண்டாவது நிமிடம் அதே ஸ்லைடு திரையில் வரும். “இதையெல்லாம் அவரே சொல்லிட்டாரு” என்று பேச்சாளர் நெளிந்துகொண்டே அதைத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தலைப்பு: ‘கிணறு ஏன் வற்றுகிறது? ஓர் ஒன்றியத்தில் 3 ஆண்டு அளவீடு’. அடுத்த ஸ்லைடில்: முனைவர் பட்ட ஆய்வாளர், நீரியல், முன்னாள் உதவிப் பொறியாளர், 14 ஆய்வுக் கட்டுரைகள். கீழே மூன்று லோகோ.

‘முனைவர் பட்ட ஆய்வாளர்’ என்றால் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருப்பவர். அவசரத்தில் அது ‘முனைவர்’ ஆகிவிடும். நானே ஒருமுறை அப்படி அழைத்து, “இன்னும் வாங்கலீங்க” என்று அவர் மைக்கிலேயே திருத்தும்படி ஆயிற்று. ‘முன்னாள்’ என்ற சொல்லும் இப்படித்தான் வாசிக்கும்போது நழுவும். லோகோக்கள் இன்னும் ஆபத்து. அவை அவர் வேலை பார்த்த இடங்களா, நிதி கொடுத்தவர்களா, பயிற்சி நடத்திய இடங்களா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முதல் ஸ்லைடின் அடியில் இருக்கும் தேதியையும் பாருங்கள். போன வருடம் வேறு கூட்டத்தில் பேசிய ஸ்லைடு என்றால், அதிலுள்ள பதவியும் போன வருடத்துடையதாக இருக்கலாம்.

அப்புறம், ஆர்வத்தில் உள்ளே புரட்டிப் பார்த்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். தலைப்பு கேள்வியாக இருந்தால் அது கேள்வியாகவே மேடை ஏறட்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்தக் கேள்வியோடு ஆளை இணைக்கிற ஒன்றிரண்டு வரிகள்தான். 14 கட்டுரைகள் அதில் சேராது, 3 ஆண்டு அளவீடு சேரும்:

“கோடை வந்தால் நம் தெருவில் எந்தக் கிணறு முதலில் வற்றும் என்று நமக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். அதைத் தெரிந்துகொள்ள ஓர் ஒன்றியத்தில் 3 ஆண்டுகள் அளவெடுத்தவர் இன்று வந்திருக்கிறார். உதவிப் பொறியாளராக இருந்தவர், இப்போது நீரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறார். ‘கிணறு ஏன் வற்றுகிறது?’ என்ற தலைப்பில் பேச அழைக்கிறேன்…”

பெயர் இங்கே, கடைசியில் வரட்டும். கைதட்டல் அதன் மேல் விழும். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பெயருக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடுங்கள். ஸ்லைடில் ஆங்கிலத்தில் இருக்கும் இனிஷியலை ‘கே’ என்பதா ‘கு’ என்பதா, முன்னால் சொல்வதா பின்னால் சொல்வதா என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.