பின்கோடில் ஓர் இலக்கம் இடம் மாறினால்

உறையின் மீது எழுதும் ஆறு இலக்கப் பின்கோடை ஒரே எண்ணாகப் பார்க்காமல், மூன்று மூன்றாகப் பிரித்துச் சரிபார்ப்பது நல்லது. ஏனெனில் அஞ்சல் துறையும் கடிதத்தை அப்படித்தான் பிரிக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் எந்தப் பிரிப்பு மாவட்டத்திற்குச் செல்ல வேண்டும் என்பதையும், கடைசி மூன்றும் அங்கே எந்த அஞ்சலகம் அதைப் பட்டுவாடா செய்யும் என்பதையும் காட்டுகின்றன.

கோயம்புத்தூர் தலைமை அஞ்சலகத்தின் 641001 என்ற எண்ணை 614001 என்று மாற்றி எழுதிவிட்டால், ஊர்ப் பெயர் சரியாக இருந்தாலும், எண்ணைப் பார்த்தே பிரிக்கும் ஆர்.எம்.எஸ். பிரிப்பகத்திலிருந்து கடிதம் மன்னார்குடிக்குப் போய்விடக்கூடும். அங்கே முகவரியைப் படிப்பவர் தவறைக் கண்டு கோயம்புத்தூருக்குத் திருப்பி அனுப்புவார். ஆனால் சில நாள்கள் வீணாகும். உறையில் தொடர்பில்லாத ஊரின் தேதி முத்திரை இருந்தால், பெரும்பாலும் இதுவே காரணம்.

கடைசி மூன்று இலக்கங்களில் வேறொரு கவனம் தேவை. வீட்டுக்கு அருகிலுள்ள அஞ்சலகம் பட்டுவாடா செய்யாத அஞ்சலகமாகவும் இருக்கலாம் என்பதால், தபால்காரர் எங்கிருந்து வருகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்த அஞ்சலகத்தின் எண்ணை எழுதுங்கள். கடிதம் அந்த அஞ்சலகத்தை அடைந்த பிறகு பின்கோடு உதவாது: தபால்காரர் தம் சுற்றின் வரிசைப்படி கடிதங்களை அடுக்குவது தெருப் பெயரையும் கதவு எண்ணையும் கொண்டுதான். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் குறிப்பிடுங்கள்.