மான்ஹாட்டன் தூரம் என்னை ஏமாற்றிய கதை

ஏஐ லேபில் 20×20 கட்டத்தில், செலவு குறைந்த பாதையைத் தேடும் ஏ ஸ்டார் அல்காரிதத்தை எழுதினேன். சுவர்களைச் சுற்றிப் பாதை அழகாக வந்தது, செலவு 31.07. சும்மா ஒரு சோதனைக்காக, இலக்குக்கு மிச்சமுள்ள தூரத்தைக் கணிக்கும் ஹியூரிஸ்டிக்கான h-ஐ 0 ஆக்கி ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் 29.90 வந்தது! h = 0 என்றால் அது டைக்ஸ்ட்ரா அல்காரிதம், அதன் விடை தப்பாது. அப்படியானால் கோளாறு என் ஹியூரிஸ்டிக்கில்தான்.

நான் வைத்திருந்தது மான்ஹாட்டன் தூரம், அதாவது இலக்குவரை உள்ள கிடைமட்ட வித்தியாசம் dx, செங்குத்து வித்தியாசம் dy இரண்டின் கூட்டல். நான்கு திசை நகர்வுக்கு அது சரி. நானோ குறுக்கு நகர்வையும் √2 செலவில் அனுமதித்திருந்தேன். (0,0)-இலிருந்து (3,3)-க்குத் தடையில்லாமல் போக 4.24 போதும், மான்ஹாட்டன் 6 என்கிறது. மிச்சத் தூரத்தை இப்படிக் கூட்டிச் சொன்னால், நல்ல பாதையின் கட்டங்கள் வரிசையில் பின்னால் போய்விடும். அதற்குள் சுமாரான பாதை இலக்கைத் தொட்டுவிடும்.

இப்படி மாற்றினேன்:

```python
h = max(dx, dy) + (math.sqrt(2) - 1) * min(dx, dy)
```

உடனே 29.90. யூக்ளிட் தூரமும் கூட்டிச் சொல்லாது, ஆனால் இதைவிடக் குறைவாகக் கணிப்பதால் பொதுவாகக் கூடுதல் கட்டங்களைத் திறக்கும்.

அப்புறம் ஒன்று: குறுக்கு நகர்வின் செலவை 1.4 என்று சுருக்கியிருந்தால் இங்கேயும் 1.4-தான் போட வேண்டும். √2 போட்டால் மறுபடி கூடுதல் கணிப்புதான்.