ஞாயிறு மேட்ச்சில் நண்பனைக் கலாய்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே நேரத்தில் பல மேட்ச் நடக்கும். பக்கத்து மேட்ச்சில் லாங் ஆன் நிற்பவர் நம் மேட்ச்சின் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருப்பார். யார் பந்து எங்கே போகிறது என்று தெரியாத அந்த இரைச்சலிலும் பேட்ஸ்மேனுக்குத் தெளிவாகக் கேட்கும் குரல் கீப்பருடையது. எங்கள் குழுவில் 15 வருடமாக நான்தான் கீப்பர். டென்னிஸ் பால் மேட்ச்சில் ஸ்டம்ப்பை ஒட்டி நிற்பதால், பேட்டிங் ஆடுபவனை ஓட்டுவதும் என் பொறுப்பு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். கலாய்ப்பே இல்லாமல் ஒரு மேட்ச் முடிந்தால், எல்லோருக்கும் ஏதோ வருத்தம் என்று அர்த்தம்.

ஆனால் அதே கலாய்ப்பால் ஒரு நண்பன் எங்களோடு ஆட வருவதையே இரண்டு மாதம் நிறுத்தியிருந்தான். பேசியவன் நான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் சின்னத் தவறு ஒன்று. பவுலர் ஓடி வர ஆரம்பித்த பிறகும் வாயை மூடாமல் இருப்பது. பந்தை எதிர்கொள்ளத் தயாராகும் பேட்ஸ்மேனின் கவனத்தை ஃபீல்டர் வேண்டுமென்றே கலைத்தால் அது முறையற்ற ஆட்டம் என்று கிரிக்கெட் விதி 41.4 சொல்கிறது. அம்பயர் டெட் பால் கொடுத்து, பேட்டிங் அணிக்கு 5 ரன் சேர்ப்பார். அந்தப் பந்து ஓவர் கணக்கிலும் வராது. நம் மேட்ச்சில் யாரும் 5 ரன் கொடுக்கப் போவதில்லை, சரி. ஆனால் காரணம் நமக்கும் பொருந்தும். பந்து கையை விட்டு வரும்போது நீங்கள் கத்தி, அவன் போல்டு ஆகிவிட்டால், அவனுக்கு உங்கள் ஜோக் ஞாபகம் இருக்காது, அவுட் ஆன விதம்தான் ஞாபகம் இருக்கும். டென்னிஸ் பால் மேட்ச்சில் ஒருவனுக்கு அன்று கிடைப்பது பத்துப் பந்துதான். அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால் எப்படிச் சிரிப்பான்? கீப்பர் பந்தைத் திருப்பி எறிவதற்கும் பவுலர் மார்க்குக்குத் திரும்பிப் போவதற்கும் நடுவில் பத்துப் பதினைந்து விநாடி இருக்கிறது. பேச அது போதும், அவன் பதில் சொல்லவும் அது போதும்.

அந்தப் பதில் சொல்லும் இடம்தான் முக்கியம். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் முன்னாள் கீப்பர், கேப்டன் டிம் பெய்ன். நல்ல கலாய்ப்பும் கெட்ட கலாய்ப்பும் ஒரே ஆளிடம் இருந்து, ஸ்டம்ப் மைக்கில் பதிவாகியிருக்கின்றன.

2018 டிசம்பர், மெல்பர்ன் டெஸ்ட். ரிஷப் பந்த் பேட்டிங். ஒருநாள் அணிக்கு தோனி திரும்பிவிட்டதால் பந்த்துக்கு இனி வேலை இருக்காது என்று பெய்ன் ஆரம்பித்தார். எங்கள் ஊர் ஹோபார்ட் அணிக்கு வந்து ஆடு, தண்ணீரைப் பார்த்த மாதிரி வீடு பார்த்துத் தருகிறோம் என்றார். அப்புறம், நானும் மனைவியும் சினிமாவுக்குப் போனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். பந்த்தும் சும்மா இருக்கவில்லை. பெய்ன் ஆட வந்தபோது, தற்காலிக கேப்டன் என்று எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா என்று பக்கத்தில் நின்ற மயங்க் அகர்வாலிடம் சத்தமாகக் கேட்டார். சில நாள் கழித்து, 2019 புத்தாண்டு அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்தில், பெய்னின் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பந்த் புகைப்படத்துக்கு நின்றார்.

பெய்ன் சொன்னதைக் கவனித்துப் பாருங்கள். ‘அணியில் உனக்கு இடமில்லை’ என்று குத்தினாலும், அதை ‘எங்கள் ஊருக்கு வா, எங்கள் வீட்டுக்கு வா’ என்று முடித்தார். தன் மனைவி, தன் குழந்தை, தன் சினிமா என்று ஜோக்கின் பாதியில் தானே இருந்தார். அதனால் திருப்பி அடிக்கப் பந்த்துக்கு நிறைய இடம் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, 2021 ஜனவரி, சிட்னி டெஸ்ட். நம்ம ஊர் அஸ்வினும் விஹாரியும் கடைசி நாளில் கட்டை போட்டு ஆஸ்திரேலியாவைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து காபா மைதானத்துக்கு நீ வருவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார் பெய்ன். நீ இந்தியாவுக்கு வருவதைப் பார்க்க எங்களுக்கும் ஆசைதான், அதுதான் உன் கடைசித் தொடராக இருக்கும் என்றார் அஸ்வின். இதுவரைக்கும் அழகான ஆட்டம். ஆனால் பெய்னிடம் அடுத்த ஜோக் இல்லை. என் அணியினருக்காவது என்னைப் பிடிக்கும் என்று சொல்லி, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தார். அதற்குப் பிறகு விஹாரி கொடுத்த கேட்ச்சையும் விட்டார். மேட்ச் டிரா. மறுநாள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தான் நடந்துகொண்டது சரியில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

பெய்ன் சொன்னதற்கு அர்த்தம் ‘உன்னை உன் ஆட்களுக்கே பிடிக்காது’ என்பதுதான். சர்வதேச மேட்ச்சிலேயே இது தப்பு. நண்பர்கள் மேட்ச்சில் இதைவிட மோசமான வரி கிடையாது. ஏனென்றால் நம் குழுவில் யாரோ ஒருவனுக்கு அது உண்மையாகவே உறுத்திக்கொண்டிருக்கும். எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர்தான் இருக்கிறார்கள் என்னும்போது சனிக்கிழமை இரவு 11 மணிக்கு போன் செய்து கூப்பிடப்படும் ஒருவன் எல்லாக் குழுவிலும் உண்டு. ஆள் ஒற்றைப்படையானால் இரண்டு பக்கமும் ஆடும் காமன் ஆளாகப் போடப்படுபவனும் அவன்தான். அவன் கேட்ச்சை விட்டால் ‘கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியா மச்சி’ என்று கேட்கலாம். ‘ஆள் இல்லன்னுதான் உன்னக் கூப்பிட்டோம்’ என்று மட்டும் சொல்லக்கூடாது. வெண்ணெய் ஜோக் அந்தக் கேட்ச்சோடு முடிந்துவிடும். இது அவனோடு வீடு வரைக்கும் போகும்.

‘போங்கு’ என்ற வார்த்தையையும் இதே கணக்கில் வைக்கிறேன். பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்கும் மேட்ச்சில் ரன் அவுட் சண்டை வராமல் இருக்காது. அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டே ‘போங்கு அடிக்கிறான்டா’ என்றாலும் அது ஜோக்காகப் போய்ச் சேராது. சண்டை முடிந்து இரண்டு பந்து போகட்டும், அதுவரை கீப்பர் பேசாமல் இருப்பது நல்லது.

இனி என் விஷயம். எங்கள் நண்பன் ஒருவன் எப்போதும் கட்டை போடுவான். பன்னிரண்டு ஓவர் மேட்ச்சிலும் டெஸ்ட் ஆடுவான். ‘சார், லஞ்ச்சுக்கு அப்புறம் அடிப்பாரு’ என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவனும் பேட்டைத் தட்டிக்கொண்டே ‘டீ முடியட்டும்டா’ என்பான். பழகிப்போன, எல்லோருக்கும் பிடித்த ஜோக்.

அன்று நாங்கள் 81 அடித்திருந்தோம். அவர்களுக்குக் கடைசி இரண்டு ஓவரில் 19 வேண்டும். அவன் 14 பந்தில் 6 ரன். நான் வழக்கமான வரியைச் சொன்னேன். பதில் வரவில்லை. அடுத்த பந்துக்குப் பிறகு ‘பேட்ட வெயிலுக்குக் குடையா பிடிச்சிருக்கியா’ என்றேன். ஸ்லிப்பில் நின்றவன் சிரித்தான், பவுலர் ஒன்று சேர்த்தான், மிட் ஆஃப் ஒன்று சேர்த்தான். அவன் ‘பால் போடு’ என்று மட்டும் சொன்னான். அடுத்த பந்தை, பத்து வருடத்தில் முதல் முறையாக, கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினான். ஸ்டம்ப் போனது. யாரையும் பார்க்காமல் நடந்தான்.

பவுண்டரி ஓரம், கிட் பேக் மேல் அவனுடைய எட்டு வயது மகன் உட்கார்ந்திருந்தான். அப்பா ஆடுவதைப் பார்க்க முதல் முறையாக வந்திருக்கிறான். வரும்போது நான் அந்தப் பையன் தலையைத் தடவிக்கொடுத்திருக்கிறேன், ஆனால் ஸ்டம்ப் பின்னால் நின்றதும் மறந்துவிட்டேன். திரும்பிப் போகும் வழியில் பையன் கேட்டானாம்: “அப்பா, உங்களுக்கு ஆடத் தெரியாதா?”

வார்த்தை மாறவில்லை, கேட்பவர்கள் மாறியிருந்தார்கள். மகன், மனைவி, அலுவலகத்தில் இருந்து கூட்டி வந்த புது ஆள், மாமனார் என்று யாராவது ஓரமாக உட்கார்ந்திருந்தால், பத்து வருடப் பழைய ஜோக்குக்கும் அன்று வேறு அர்த்தம் வரும். டாஸ் போடும்போதே ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்றும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுபவன் வாயை மூடினால், அது முதல் அறிகுறி. அவன் பேச்சில் இருந்து ‘டா’வும் ‘மச்சி’யும் காணாமல் போனால் அது இரண்டாவது. ‘போடுடா’ என்பவன் ‘பால் போடு’ என்றான். அதற்கடுத்தது ‘ப்ரோ’ அல்லது ‘பாஸ்’. நெருங்கிய நண்பன் உங்களை ‘பாஸ்’ என்று கூப்பிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒருவர் பேசியதை மூன்று பேர் பிடித்துக்கொள்வதும் இந்த நேரத்தில்தான் நடக்கும். ஆரம்பித்தவனே கையைக் காட்டி அவர்களையும் நிறுத்த வேண்டும், வேறு யாராலும் முடியாது.

நான் அடுத்து செய்த தவறு, மேட்ச் முடிந்து டீக்கடையில் எல்லோர் முன்னாலும் “சும்மா ஜோக்குக்குத்தான்டா சொன்னேன்” என்றது. கேட்க மன்னிப்பு மாதிரி இருக்கும். ஆனால் ஜோக்கைப் புரிந்துகொள்ளத் தெரியாதவன் நீதான் என்று அவன் மேலேயே அது திரும்புகிறது. அதற்குள் யாரோ போல்டு ஆன வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே பத்து சிரிப்புப் பொம்மை விழுந்திருந்தது. மைதானத்தில் சொன்னது காற்றோடு போகும், குழுவில் போட்டது ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது திரும்பத் திரும்பப் படிக்கக் கிடைக்கும். அவுட் ஆனவனே போட்டால் ஒழிய, அவுட் ஆன வீடியோவை இப்போது எங்கள் குழுவில் யாரும் போடுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். “பையன் இருக்கும்போது பேசினது என் தப்பு” என்று மட்டும் சொன்னேன், விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அவன் அம்மா காபி கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவன் வந்தான், பையனும் வந்தான். அன்று நான் ஒரு லட்டு மாதிரி கேட்ச்சை விட்டேன். நான்-ஸ்ட்ரைக்கர் பக்கம் நின்ற அவன், பையனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: “பாத்தியா, அங்கிள் 15 வருஷமா இதுதான் பண்றாரு.” பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.