எச்.பி.வி. தடுப்பூசி: 'பரீட்சை முடியட்டும்' என்று சொல்லாதீர்கள்

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் புதிதாக வந்த இளம் மருத்துவர் ஒருவர், போன வாரம், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை மகளுக்குப் போட வந்த ஒரு தாயிடம், "சரிம்மா, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தார். இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது. இதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

பதினைந்தாவது பிறந்தநாளைத் தவறவிடுவது

நான் அப்படிச் சொல்லி அனுப்பிய ஒரு சிறுமிக்குப் பிப்ரவரியில் பதினைந்து வயது நிறைய இருந்தது. வந்தது டிசம்பரில். காய்ச்சல் வந்தால் படிப்பு கெடும் என்று அம்மா பயந்தார், நானும் தலையாட்டினேன். மே மாதம் திரும்பி வந்தார்கள். அதற்குள் கணக்கே மாறிவிட்டது.

ஒன்பது முதல் பதினான்கு வயதுவரை உடலின் எதிர்ப்பாற்றல் இந்தத் தடுப்பூசிக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. அதனால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை போதும். பதினைந்து நிறைந்த பிறகு தொடங்கினால் மூன்று தவணை: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். அந்தச் சிறுமிக்கு மே, ஜூலை, நவம்பர் என்று மூன்று முறை போட வேண்டியதாயிற்று. மூன்றாவது ஊசிக்கான பணத்தை அந்த அம்மா எண்ணி வைத்ததை இன்னும் மறக்கவில்லை.

டிசம்பரிலேயே முதல் ஊசியைப் போட்டிருந்தால், ஜூனில் இரண்டாவதோடு முடிந்திருக்கும். ஜூனில் அவளுக்குப் பதினைந்து கடந்திருந்தாலும் பரவாயில்லை, முதல் ஊசியன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் எந்த வயதிலும் மூன்று தவணை.

உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில், ஒன்பது முதல் இருபது வயதுவரை ஒரே தவணையையும் மாற்றாக ஏற்றது. அதற்காக, தொடங்கிய இரண்டு தவணையை நீங்களாகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவதை முந்திப் போடுவது

ஐந்து மாதத்துக்குள் போட்டால் மூன்றாவது தேவைப்படும். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

போட்டவுடன் எழுந்து ஓடுவது

பதினைந்து நிமிடம் உட்காரட்டும். இந்த வயதில் மயக்கம் சகஜம்.

'கர்ப்பப்பைப் புற்றுநோய் இனி வராது' என்று நம்புவது

இது கருப்பையின் வாய்ப்பகுதிக்கான தடுப்பூசி. கருப்பையின் உட்பகுதியிலோ சினைப்பையிலோ வரும் புற்றுநோயைத் தடுக்காது. வாய்ப்பகுதியிலும் முழுக் காப்பு இல்லை. நான்கு வகை வைரஸுக்கான ஊசியில் உள்ள 16, 18 ஆகிய வகைகள்தான் அந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம். மீதி வேறு வகைகளால் வருவது. ஏற்கெனவே தொற்றிய வைரஸையும் இது விரட்டாது. எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றையும் இது தடுக்காது.

அதனால் தடுப்பூசி அட்டையில் இரண்டாம் தவணைத் தேதிக்குக் கீழே, "முப்பது வயதில் கருப்பை வாய்ப் பரிசோதனை" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கிறேன். அம்மாக்கள் சிரிக்கிறார்கள். "உங்களுக்கு எடுத்தாயிற்றா?" என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது.